12 ஜிபி கார்டில் 81 ஃபிரேம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வீடியோ உருவாக்கும் Wan 2.1 14B மாடலின் சுருக்கிய Q4 வடிவத்தை ComfyUI-இல் இயக்குகிறேன். கிராபிக்ஸ் நினைவகம் 12 ஜிபி, ரேம் 32 ஜிபி, அளவு 832x480.

33 ஃபிரேம் கேட்டால் ஒரு ஸ்டெப் 20 விநாடியில் முடிகிறது. ஐந்து விநாடிக் காட்சிக்காக 81 ஃபிரேம் கேட்டால் ஒரு ஸ்டெப்புக்கு ஆறு நிமிடம்! இந்த மாடல் நான்கு ஃபிரேம்களை ஒன்றாகச் சுருக்குவதால், சுருக்கிய ஃபிரேம்கள் 9 ஆக இருந்தது 21 ஆகிறது. அட்டென்ஷன் கணக்கு இருமடி வேகத்தில் வளர்ந்தாலும் ஐந்தரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. எனக்கோ பதினெட்டு மடங்கு.

பிழைச்செய்தி எதுவும் இல்லை. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தபோதுதான் புரிந்தது: கார்டு நிரம்பியதும் டிரைவர் மிச்சத்தைச் சத்தமின்றி ரேமுக்குத் தள்ளுகிறது. அந்த வசதியை நிறுத்தினேன். இப்போது நினைவகம் போதவில்லை என்று உடனே நின்றுவிடுகிறது. காரணம் தெரிந்ததே பெரிய நிம்மதி.

அடுத்து, மாடலின் 40 பிளாக்குகளில் சிலவற்றை மட்டும் ரேமில் வைத்து மாற்றி மாற்றி ஏற்றும் BlockSwap முறையை முயலப் போகிறேன். இதே அளவுள்ள கார்டில் 81 ஃபிரேமுக்கு எத்தனை பிளாக்குகளை வெளியே வைத்தீர்கள்? ஒரு ஸ்டெப்புக்கு எவ்வளவு நேரம் ஆனது? Q3-க்கு இறங்கியவர்கள் இருந்தால், முகங்களும் விரல்களும் எந்த அளவுக்குக் கெட்டன என்பதையும் சொல்லுங்கள்.