எஸ்எம்எஸ் அனுப்பினால் மெசேஜ் சென்டர் எண் தவறு என்று வருகிறது, உதவுங்கள்

தென்காசிக்காரன்:
வணக்கம். அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் இருந்து எஸ்எம்எஸ் எதுவுமே வெளியே போகவில்லை. அனுப்பு பொத்தானைத் தொட்ட உடனேயே சிவப்புக் குறி வந்து, மெசேஜ் சென்டர் எண் சரியில்லை என்கிறது. கால் பேச முடிகிறது, நெட் ஓடுகிறது, வங்கியில் இருந்து ஓடிபி கூட வருகிறது. போன மாதம்தான் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறினார். இப்போது யுபிஐ ஆப்பைப் புதிதாகப் போட்டால், மொபைல் எண்ணைச் சரிபார்க்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. பென்ஷன் பணத்தை எடுத்து மருந்துக்கடைக்குக் கொடுப்பது வரை எல்லாமே அதில்தான், அதனால் கொஞ்சம் அவசரம்.

ராஜி_மதுரை:
எனக்கும் இதே தொல்லைதான், ஓடிபி வரவே வராது. 

தென்காசிக்காரன்:
இல்லைங்க, ஓடிபி வருகிறது. எங்களிடம் இருந்து போவதுதான் நிற்கிறது.

செல்வா87:
புது சிம் போட்டால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள், மோசடியைத் தடுக்கத்தான். பொறுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நெட்டில் மாநில வாரியாக மெசேஜ் சென்டர் எண் பட்டியல் கிடைக்கும், அதில் தமிழ்நாட்டு எண்ணை எடுத்துப் போடுங்கள் ப்ரோ.

பழைய நோக்கியா:
செல்வா தம்பி சொன்ன 24 மணி நேரத் தடை உண்மைதான், ஆனால் அது இருக்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்தே நிற்கும். இங்கே ஓடிபி வருகிறது, மாறியும் ஒரு மாதம் ஆகிவிட்டது, அதனால் காரணம் அது இல்லை. பட்டியல் எண்ணைத் தயவுசெய்து போடாதீர்கள். அந்தப் பக்கங்களில் பாதி ரொம்பப் பழசு, இன்னொரு நிறுவனத்தின் எண் விழுந்தால் அந்த சென்டர் உங்கள் செய்தியை வாங்கவே வாங்காது.

நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் நேராக எதிராளிக்குப் போவதில்லை. முதலில் உங்கள் நிறுவனத்தின் சென்டருக்குப் போய், அங்கிருந்துதான் மறுபக்கம் போகும். அந்த சென்டரின் எண் சிம்மிலேயே எழுதியிருக்கும். உங்களுக்கு வருகிற செய்தி அனுப்புகிறவருடைய சென்டர் வழியாக வருவதால், உங்கள் சிம்மில் இந்த எண் தப்பாக இருந்தாலும் வரவு தடைபடாது. யுபிஐ ஆப் நிற்பதும் இதனால்தான். எண்ணைச் சரிபார்க்க அது உங்கள் போனில் இருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்புகிறது, அது வெளியே போகவில்லை.

முதலில் அப்பாவின் சிம்மை வேறொரு போனில் போட்டு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். அங்கும் போகாவிட்டால் கோளாறு சிம்மில் எழுதியிருப்பதில்தான். அங்கே போய்விட்டால் போனின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒன்று கவனம்: எழுதும் பெட்டியில் RCS என்று இருந்தால் செய்தி நெட் வழியாகப் போகும், அது போய்ச் சேர்வதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அப்புறம், எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், சில பேக்கில் எஸ்எம்எஸ் கிடையாது.

தென்காசிக்காரன்:
தங்கையின் போனில் போட்டுப் பார்த்தேன் சார், அங்கும் அதேதான். பேக்கில் எஸ்எம்எஸ் இருக்கிறது. அப்படியென்றால் சிம்தான் இல்லையா? எண்ணை எங்கே பார்ப்பது?

பழைய நோக்கியா:
சிம்தான். அதை அப்பாவின் போனிலேயே திரும்பப் போட்டு, கால் செய்யும் இடத்தில் இதை அடியுங்கள், கால் பொத்தானைத் தொட வேண்டாம்:

```
*#*#4636#*#*
```

கடைசி நட்சத்திரம் விழுந்ததும் ஒரு பட்டியல் தானாகத் திறக்கும். அதில் Phone information போங்கள். இரண்டு சிம் இருந்தால் மேலே எந்த சிம் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும், அதைச் சரியாகப் பாருங்கள், நிறைய பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கீழே இறங்கினால் SMSC என்று ஒரு பெட்டியும் பக்கத்தில் Refresh, Update என்று இரண்டு பொத்தானும் இருக்கும். Refresh தொட்டால் இப்போதுள்ள எண் வரும்.

சரியான எண் எது என்பதற்கு, வீட்டிலோ பக்கத்திலோ அதே நிறுவனத்தின், தமிழ்நாட்டிலேயே வாங்கிய, ஒழுங்காக எஸ்எம்எஸ் போகிற சிம் இருந்தால் அதிலும் இதே பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் 198க்கு அடித்து, மெசேஜ் சென்டர் எண் வேண்டும் என்று கேளுங்கள்.

தென்காசிக்காரன்:
பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே நிறுவன சிம் இருந்தது. அவர் போனில் வந்தது இப்படி (எண்ணை மாற்றி எழுதியிருக்கிறேன், யாரும் எடுத்துப் போட்டுவிட வேண்டாம்):

```
"+911234567890",145
```

அப்பாவுடையதில் +91க்குப் பிறகு எல்லாமே வேறு. 198இல் கேட்டபோதும் அக்காவின் எண்ணைத்தான் சொன்னார்கள். அதை +91 சேர்த்து அடித்து Update தொட்டால் update error என்கிறது.

பழைய நோக்கியா:
Refresh எந்த வடிவில் காட்டியதோ அதே வடிவில் எழுத வேண்டும். மேற்கோள் குறி இரண்டும், கமாவும், 145ம் சேர்த்து, நடுவில் இடைவெளி விடாமல் கையால் அடியுங்கள். வாட்ஸ்அப்பில் இருந்து ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும், போன் அதை ஏற்காது. 145 என்பது எண் +91 போல நாட்டுக் குறியீட்டோடு இருக்கிறது என்று சொல்வதற்கு. Update ஆனதும் விட்டுவிடாமல் Refresh தொட்டு, புது எண்ணே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். போனை அணைத்துப் போட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.

தென்காசிக்காரன்:
போய்விட்டது சார்! மேற்கோள் குறியோடு அடித்ததும் எடுத்துக்கொண்டது. அணைத்துப் போட்ட பிறகும் அதே எண் நிற்கிறது. தங்கைக்கு எஸ்எம்எஸ் போனது, யுபிஐயும் சரிபார்த்து முடித்துவிட்டது. ரொம்ப நன்றி. புது சிம்மில் தப்பான எண் எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை, அப்பா எதையும் தொடவில்லை என்கிறார்.

பழைய நோக்கியா:
நல்லது தம்பி. யாராவது மெசேஜ் ஆப்பின் அமைப்பில் கையால் எழுதியிருக்கலாம், சிம்மே அப்படி வந்திருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது.

கோவை_நித்யா:
இதே பிரச்சினை எனக்கும். என் போனில் 4636 பக்கம் திறக்கிறது, ஆனால் Refresh தொட்டாலே error. மேற்கோள் குறியோடும் எழுதினேன், இல்லாமலும் எழுதினேன், எடுக்கவில்லை. மெசேஜ் ஆப்பிலும் அந்த அமைப்பு இல்லை.

பழைய நோக்கியா:
சில போன்கள் எண்ணை ஜோடி ஜோடியாகத் திருப்பி எழுதினால்தான் வாங்கும். மேலே உள்ள மாதிரி எண்ணுக்கு அது இப்படி:

```
0791192143658709
```

முதலில் 0791, அப்புறம் 91ஐ 19 என்றும் 12ஐ 21 என்றும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். 91ஓடு சேர்த்து 12 இலக்கம் உள்ள எண்ணுக்குத்தான் 07 பொருந்தும். அதுவும் ஆகாவிட்டால் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு, மெசேஜ் அமைப்பில் மெசேஜ் சென்டர் எண் இருக்கும் இடத்தில் +91ஓடு சாதாரணமாக எழுதுங்கள். அது சிம்மிலேயே பதிவாகும், திரும்ப உங்கள் போனில் போட்டால் போதும்.

செல்வா87:
ஐபோனில் *#5005*7672# அடித்து கால் பொத்தானைத் தொட்டால் எண்ணைக் காட்டும், அண்ணன் போனில் பார்த்திருக்கிறேன்.

கோவை_நித்யா:
என்னுடையது ஆண்ட்ராய்டு. திருப்பி எழுதியும் error தான் வருகிறது. பாட்டியின் பட்டன் போனில் மைக்ரோ சிம் தட்டு, என் நானோ சிம் அதில் நிற்காமல் நழுவுகிறது. நாளை கடையில் அடாப்டர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய நோக்கியா:
அடாப்டரில் சிம் இல்லாமல் வெறுமனே தள்ளிவிடாதீர்கள், வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பிகளில் மாட்டி வளைத்துவிடும். பட்டன் போனில் எழுதியும் எண் நிற்கவில்லை என்றால் சிம்மை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றினால் அந்த 24 மணி நேரத் தடை இருக்கும், அன்றைக்கு வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.