முக்காலி வைத்ததும் மாறியது என்ன? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொருநைக்கரை:
61 வயது வரை காலைக்கடன் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. சென்ற ஆடியில் அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் மகன் வீட்டுக்கு வந்தேன். இங்கே இருக்கும் இரண்டு கழிப்பறைகளும் வெஸ்டர்ன். சாப்பாடு மாறவில்லை, மலமும் கெட்டியாக இல்லை. ஆனாலும் 20 நிமிடம் முக்கிய பிறகு பாதிதான் போனது போன்ற உணர்வுடன் எழுந்து வருவேன். பேரனுடைய பிளாஸ்டிக் முக்காலியை மருமகள் ஒருநாள் காலடியில் வைத்தாள். ஏறக்குறைய ஒரு சாண் உயரம் இருக்கும். அதன்மேல் பாதங்களை ஊன்றி, முழங்கைகளைத் தொடைமேல் வைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது? இப்படி யாருக்கேனும் ஆனதுண்டா?

வேப்பமரநிழல்:
ஐயா, காரணம் எளிது. குந்தும்போது உடலின் எடை கீழ்நோக்கி அழுத்துவதால் ஆசனவாய்ச் சுருக்குத்தசை தானாகத் திறந்துகொள்கிறது. வெஸ்டர்ன் வந்த பிறகுதான் மலச்சிக்கலும் மூலமும் வந்தன. என் தாத்தா காலத்தில் இவை கிடையாது. நான் புது வீடு கட்டியபோது பிடிவாதமாக இந்தியன் கழிப்பறைதான் வைத்தேன், இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை.

இடுப்புத்தளம்:
இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி என் வேலை. குந்துவது உதவுகிறது என்பதில் நண்பர் சொல்வது சரி, ஆனால் அதற்கு எடை காரணமன்று. நாற்காலியில் உட்கார்ந்தாலும் எடை கீழ்நோக்கித்தான் இருக்கிறது. சுருக்குத்தசைகள் இரண்டு, அவற்றுள் உள்ளே இருப்பது நம் சொல் கேட்காது. மலக்குடலுக்குள் மலம் இறங்கி அதன் சுவர் விரிந்ததும் அது தானாகவே தளரும். அந்தக் கணத்தில் வெளித்தசை இறுகிப் பிடித்துக்கொள்ள, வந்திருப்பது காற்றா மலமா என்று ஆசனவாயின் உட்தோல் உணர்ந்து சொல்லிவிடும். போகலாமா, பிறகு பார்க்கலாமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. தள்ளிப்போட்டால் குடல் சற்று விரிந்து கொடுத்துவிடும்; வந்த உணர்வும் அடங்கிவிடும்.

பொருநைக்கரை ஐயாவின் கேள்விக்கு விடை இவ்விரண்டுக்கும் சற்று மேலே இருக்கும் புபோரெக்டாலிஸ் என்ற தசையில் இருக்கிறது. கவண்வாரின் இரு முனைகளையும் முன்பக்க இடுப்பெலும்பில் கட்டி, நடுப்பகுதியை மலக்குடலின் பின்புறமாகச் சுற்றிப் போட்டால் எப்படியோ, அப்படி அது குடலை முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்குமே, அதுபோலத்தான் நாள் முழுதும் நமக்குக் கசியாமல் இருக்கிறது. மலம் கழிக்கும்போது இந்த வார் தளர்ந்து மடிப்பு நிமிர வேண்டும். ஜப்பானில் 2010இல் ஆறு பேரைப் படமெடுத்துப் பார்த்தபோது, சாதாரணமாக உட்கார்ந்தால் ஏறக்குறைய 100 பாகையாக இருந்த அந்த மடிப்பின் கோணம், குந்தியபோது 126 பாகையாக விரிந்திருந்தது. முக்க வேண்டிய அழுத்தமும் குறைந்திருந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பவளமல்லி:
என் ஆறு வயது மகனுக்குக் கால்சட்டையில் அடிக்கடி கசிகிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்கிறான். சுருக்குத்தசை தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். குந்தவைத்துப் பழக்கினால் அது இறுகுமா?

இடுப்புத்தளம்:
அம்மா, இங்கே பேசுவது வேறு, உங்கள் மகனுக்கு இருப்பது வேறாக இருக்கலாம். நாள்கணக்கில் அடக்கிவைக்கும் குழந்தைகளுக்கு மலக்குடல் பெருத்துவிடும். வந்திருக்கிறது என்ற உணர்வும் மங்கிவிடும். கெட்டியாகத் தேங்கியதைச் சுற்றி இளகியது மட்டும் வழியும். பார்ப்பவர்களுக்கு அது தசை தளர்ச்சியாகத் தெரியும், உள்ளே இருப்பதோ அடைப்பு. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேங்கியதை முதலில் வெளியேற்ற வேண்டியிருக்கும். அதுவரை, பெரியவர்களுக்கான கோப்பையில் கால் தொங்க உட்காரவிடாமல், பாதம் ஊன்ற ஏதேனும் வையுங்கள்.

செம்பருத்தி34:
வேப்பமரநிழல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் நான் பிறந்தது முதல் இந்தியன் கழிப்பறையில்தான் போகிறேன். ஆனால் நான்கு ஆண்டுகள் தினமும் 40 நிமிடம் உள்ளே இருந்திருக்கிறேன். நார்ச்சத்து, மலமிளக்கி எதற்கும் குறையவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் விரலால் சோதித்துக்கொண்டே, "மலம் போவது போல முக்குங்கள்" என்றார். முக்கினேன். "இப்போது என் விரலைப் பிடித்து இழுக்கிறீர்கள், விடவில்லை" என்றார். பிறகு 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை உள்ளே வைத்து, தனியறையில் உட்காரச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் வெளியே வந்திருக்க வேண்டியது, எனக்கு ஐந்து நிமிடமாகியும் வரவில்லை. தளர வேண்டிய நேரத்தில் அந்த வார்த்தசையை நான் இறுக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முக்கினேனோ அவ்வளவு இறுகியிருக்கிறது.

அதன் பிறகு பயோஃபீட்பேக் பயிற்சிக்குப் போனேன். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று வயிற்றின் அழுத்தம், மற்றொன்று ஆசனவாயின் இறுக்கம். முதல் கோடு ஏறும்போது இரண்டாவது இறங்க வேண்டும், எனக்கு இரண்டும் சேர்ந்தே ஏறின. பல்லைக் கடிக்காமல், மூச்சைப் பிடித்து அடக்காமல், வயிறு முன்னால் உப்பும்படி மெல்ல அழுத்தப் பழகினேன். நான்காவது அமர்வில்தான் இரண்டாவது கோடு முதன்முறையாக இறங்கியது. அன்று அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். இப்போது பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை.

வேப்பமரநிழல்:
சகோதரி, உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு 'எல்லாவற்றுக்கும் வெஸ்டர்ன்தான் காரணம்' என்று நான் எழுதியதை விலக்கிக்கொள்கிறேன். ஆனாலும் நீண்டநேரம் முக்குவது மூலத்துக்கு நல்லதன்று என்பதில் மாற்றமில்லை. இடுப்புத்தளம் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: முக்காலியில் காலை வைப்பது குந்துவதற்குச் சமமாகுமா?

இடுப்புத்தளம்:
சமமாகாது. அதே ஜப்பானிய ஆய்வில், காலைச் சற்று உயர்த்தி உட்கார்ந்தபோது கோணம் ஏறக்குறைய மாறவே இல்லை, முழுதாகக் குந்தியபோதுதான் விரிந்தது. ஆனால் அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஆய்வில் 52 பேர் முக்காலி வைத்துப் பார்த்தபோது, பலர் முக்குவது குறைந்ததாகவும் சீக்கிரம் முடிந்ததாகவும் சொன்னார்கள். முன்னால் குனிவதா, பாதம் ஊன்றியதும் இடுப்புத்தளம் தளர்வதா, அல்லது அவசரப்படாமல் உட்காருவதா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னிடம் வருபவர்களில் சிலருக்கு உதவுகிறது, தசையை இறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது மட்டும் போதுவதில்லை.

பொருநைக்கரை ஐயா, ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் மலம் போகும் வழக்கம் புதிதாக மாறியிருந்தால், கழிப்பறை மாறியதுதான் காரணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. இரத்தம், எடைக்குறைவு, சோர்வு ஏதேனும் உண்டா?

பொருநைக்கரை:
இரத்தம் இல்லை. எடை மட்டும் மூன்று கிலோ குறைந்திருக்கிறது; ஊர் மாறிய ஏக்கம் என்று நினைத்திருந்தேன். முழங்கால் தேய்மானத்தால் இனி முழுதாகக் குந்தவும் முடியாது, எழும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முக்காலியைத் தொடர்கிறேன். உங்கள் பதிலை மகனிடம் காட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை குடல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டான். அவர் என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.