அகராதியின்றிப் பொருள் உணர்ந்த அனுபவங்கள்: ‘வாளாவிருந்தார்’ என்ற சொல்லில் நான் சறுக்கிய இடம்

இரவுவாசகி
அண்மையில் எழுதிய ஒரு தேர்வின் உரைப்பகுதியில் ஏறத்தாழ இப்படி ஒரு வாக்கியம் வந்தது: “கரையில் விரிசல் கண்டிருப்பதாக ஊரார் மும்முறை வந்து முறையிட்டும் அதிகாரி வாளாவிருந்தார், நான்காம் நாள் வெள்ளம் புகுந்தது.” ‘வாளாவிருந்தார்’ என்ற சொல்லை அதற்கு முன் நான் கண்டதில்லை. ‘வாள்’ கண்ணில் பட்டதுமே, வந்தவர்களை அவர் மிரட்டினார் என்று முடிவு கட்டிவிட்டேன். கொடுக்கப்பட்ட விடைகளில் ‘சினந்தார்’ என்பதும் இருந்தது; பிறகு ஏன் சந்தேகம் வருகிறது? ‘ஒன்றும் செய்யாதிருந்தார்’ என்பதே சரியான விடை என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

படிக்கட்டு
தெரியாத சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பது என் அனுபவம். ‘தன்னலமறுப்பு’ என்ற சொல்லை முதன்முதலில் கண்டபோது தன், நலம், மறுப்பு என்று பிரித்தேன். பொருள் தானாக விளங்கிவிட்டது. நீங்கள் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பழையஏடு
பல ஆண்டுகள் மொழி கற்பித்தவன் என்ற முறையில் படிக்கட்டு அவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். பிரிப்பது நல்ல உத்திதான், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே பிரித்தால், கிடைத்த துண்டின் பொருளுக்கு ஏற்ப வாக்கியத்தையே வளைத்துவிடுவோம். இரவுவாசகி செய்ததும் அதுவே.

அந்த வாக்கியத்தில் முதலில் பார்க்க வேண்டியது ‘முறையிட்டும்’ என்பதன் கடைசியில் உள்ள ‘உம்’. முறையிட்டால் இயல்பாக எது நடக்க வேண்டுமோ அது நடக்கவில்லை என்று அந்த ஓர் இடைச்சொல்லே சொல்லிவிடுகிறது. அடுத்து, வினை ‘இருந்தார்’ என்று முடிவதால், ‘வாளா’ என்பது அவர் எப்படி இருந்தார் என்பதைக் காட்டும் சொல்லாகலாம். மூன்றாவதாக, அடுத்த தொடரில் வெள்ளம் புகுந்துவிடுகிறது; எனவே கரையை யாரும் செப்பனிடவில்லை. இவ்வளவும் சேர்ந்த பிறகு ‘சும்மா’ என்ற சொல்லை அவ்விடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்: “முறையிட்டும் அதிகாரி சும்மா இருந்தார்.” தடையின்றி ஓடுகிறது. ‘சினந்தார்’ என்று வைத்தாலும் வாக்கியம் நிற்கும் என்பது உண்மைதான்; ஆனால் அப்போது ‘இருந்தார்’ என்பதற்கு வேலையே இல்லாமல் போகிறது. கருத்துக்குப் பொருந்தினால் போதாது, இலக்கணத்துக்கும் பொருந்த வேண்டும் என்று நான் வகுப்பில் வற்புறுத்துவது இதனால்தான்.

கூழாங்கல்
நான் இலக்கணத்தைப் பார்த்தே தவறியவன். “பெருஞ்செல்வராக இருந்தார், ஆனால் உலோபி” என்று ஒரு கதையில் படித்தேன். ‘ஆனால்’ வந்தால் எதிர்ப்பொருள் என்று கற்றிருந்ததால், செல்வருக்கு எதிர் ஏழை, ஆகவே பிற்காலத்தில் வறுமையுற்றார் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு பத்திகள் கழித்து, நிறைந்த களஞ்சியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, பசித்து வந்தவரிடம் அவர் கையை விரித்தபோதுதான் கஞ்சன் என்று புரிந்தது. ‘ஆனால்’ மறுத்தது செல்வத்தை அன்று, செல்வரிடம் நாம் எதிர்பார்க்கும் ஈகையை.

தாழ்வாரம்
என் மகள் படிக்கும் கதைகளில் வரிக்கு ஒரு சொல்லாவது அவளுக்குத் தெரியாததாக இருக்கிறது. அவளுக்கு எந்த அகராதி வாங்கித் தரலாம்?

பழையஏடு
இங்கே பேசப்படுவது அகராதி இல்லாத நிலையைப் பற்றி என்றாலும், உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில வாசிப்பு ஆய்வின்படி, பிறர் துணையின்றி ஒரு கதையைப் போதுமான அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள 100 சொற்களில் ஏறக்குறைய 98 தெரிந்திருக்க வேண்டும். விகுதிகள் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இக்கணக்கு அப்படியே செல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வரிக்கு ஒரு சொல் என்பது மிகுதி. சுற்றியுள்ள சொற்களும் தெரியாதபோது ஊகிப்பதற்குப் பிடிமானம் ஏது? இப்போதைக்குச் சற்று எளிய கதைகளைக் கொடுங்கள்.

படிக்கட்டு
‘வாளா’ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “அவன் முகத்தில் இறும்பூது தெரிந்தது” என்று மட்டும் இருந்தால் உங்கள் முறை என்ன செய்யும்? வியப்பு, சினம், அச்சம் என எதை வைத்தாலும் கருத்தும் இலக்கணமும் பொருந்துகின்றனவே!

பழையஏடு
ஒன்றும் செய்யாது. ஏதோ ஓர் உணர்ச்சி என்று மட்டும் குறித்துக்கொண்டு மேலே படிக்க வேண்டியதுதான்.

இரவுவாசகி
எனக்கு இன்னொரு கவலை இருக்கிறது. ஒரு பழைய உரைநடைப் பகுதியில் “மலர்களின் நாற்றம் வழியெங்கும் பரவியது” என்று படித்தபோது, அழுகிய மலர்கள் என்று எண்ணியே கடந்துபோனேன். அங்கே அச்சொல்லுக்கு நறுமணம் என்று பொருள். தெரியாத சொல் என்றால் நின்று யோசிக்கலாம். தெரிந்ததாக நினைத்த சொல்லில் எதைக் கண்டு நிற்பது?