வாசற்கதவுத் திறப்பு இறுகுகிறது. எண்ணெய் விட்டும் சரிவரவில்லை

உப்புவெளி வாசி:
எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில். முன்கதவுப் பூட்டுக்குள் திறப்பு போகிறது, திருப்பினால் சிக்குகிறது. மூன்று மாதங்களுக்கு முன் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு கிழமை நன்றாக இருந்தது, இப்போது முன்னரைவிட மோசம். நேற்றிரவு அம்மா கால் மணி நேரம் வெளியே நின்றார். பூட்டை மாற்றத்தான் வேண்டுமா?

குமரன்:
தேங்காய் எண்ணெய் கூடாது. தையல் மெசின் எண்ணெய் நிறைய விடுங்கள், இளகிவிடும்.

பழைய தச்சன்:
தம்பி, இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பிப் பாருங்கள். அப்போது இலகுவாகத் திரும்பினால் பூட்டில் குற்றமில்லை. மாரியில் பலகை ஊதி, பூட்டின் நாக்கு நிலையில் உரசுகிறது. அப்போதும் இறுகினால்தான் திறப்பு நுழையும் சிலிண்டரில் குற்றம். பலம் போட்டுத் திருப்பாதீர்கள், திறப்பு உள்ளே முறியும்.

நிலாவெளி ரஞ்சினி:
எங்கள் கேட் ஆமைப்பூட்டும் இப்படித்தான். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தோம், சரியாகியது.

உப்புவெளி வாசி:
ஐயா, கதவு திறந்திருந்தும் இறுகுகிறது. திறப்பை இழுத்தால் கறுப்புப் பசையும் மணலும் வருகின்றன. பழைய திறப்பு ஓரளவு திரும்புகிறது. பிறகு வெட்டியது அசையவே இல்லை.

பழைய தச்சன்:
அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. சிலிண்டருக்குள் சிறு பித்தளைக் குச்சிகள் சுருள்வில்லின் கீழ் ஏறி இறங்குகின்றன. எண்ணெய் மணலைப் பிடித்துச் சேறாக்கினால் அவை உரிய உயரத்தில் நிற்கா, உருளை திரும்பாது. தையல் எண்ணெயும் நாளடைவில் இதையே செய்யும்.

மின் இணைப்புகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரே ஒன்று வாங்குங்கள். அடுப்பு, சிகரெட் அருகே வேண்டாம். குழாயைத் திறப்புத் துவாரத்துக்குள் வைத்து இரண்டு மூன்று விநாடி அடியுங்கள். பழைய திறப்பைப் பலமுறை உள்ளே விட்டு இழுத்துத் துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஐந்தாறு தடவை ஆகலாம். நன்றாக உலரவிட்டு, கிராபைட் தூளைத் துளியளவு ஊதுங்கள். ஈரத்தில் போட்டால் மறுபடியும் பசைதான். சிலிண்டரைப் பிரிக்க முயலாதீர்கள். குச்சிகள் சிதறினால் வரிசைப்படுத்துவது கடினம்.

துறைமுக வீதி:
கிராபைட்டில் எனக்கு உடன்பாடில்லை. உப்புக் காற்றில் அது ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே நல்லது.

பழைய தச்சன்:
கடலோரத்துக்கு அதுவும் பொருந்தும். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

உப்புவெளி வாசி:
ஏழு தடவை துடைத்தபின் துணி வெளுத்தது. டெஃப்லான் அடித்தேன். பழைய திறப்பு இரண்டு விரலால் திரும்புகிறது, அம்மாவும் திறந்து பார்த்தார். புதியது மட்டும் இன்னும் சிக்குகிறது.

பழைய தச்சன்:
அது வெட்டில் உள்ள பிழை, பூட்டில் இல்லை. பழையதையே மாதிரியாகக் கொடுத்து வேறொன்று வெட்டுவியுங்கள். அதுவும் சிக்கினால் பழையதே தேய்ந்திருக்கும். அப்போது சிலிண்டரை மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம்.