ஆள்சேர்ப்புக் கோப்புகளைத் தணிக்கை செய்தபோது நீங்கள் கண்டவை

உள்தணிக்கையாளர், கோவை:
எங்கள் தொழிற்சாலையில் மனிதவளத் துறை தந்த பட்டியலை ஒதுக்கிவிட்டு, சம்பளப் பதிவேட்டிலிருந்து 30 பேரைத் தேர்ந்தெடுத்தேன்; கோப்பே திறக்காமல் சேர்க்கப்பட்ட ஒருவர் கோப்புப் பட்டியலில் தென்பட வழியில்லை அல்லவா? ஆனால் முப்பது பேருக்கும் கோப்புகள் இருந்தன, சரிபார்ப்புப் படிவத்தின் எல்லாக் கட்டங்களிலும் குறியிடப்பட்டிருந்தது. நேர்காணல், ஒப்புதல், பணி ஆணை, பின்னணி விசாரணைக்கு அனுப்பியது, அறிக்கை வந்தது, பணியில் சேர்ந்தது என ஒவ்வொருவரின் தேதிகளையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது.

பராமரிப்புப் பொறியாளர் ஒருவருக்குப் பணி ஆணை 12-ஆம் தேதி வழங்கப்பட்டிருக்க, நேர்காணல் மதிப்பெண் தாளில் 14-ஆம் தேதி இருந்தது. அதில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் அன்று விடுப்பில் இருந்ததை வருகைப் பதிவேடு காட்டியது. அவர் காணொளி வழியே கலந்துகொண்டதாக மனிதவளத் துறை சொன்னது. அப்படியும் நடந்திருக்கலாம் என்பதால் கூட்ட அழைப்பைக் கேட்டேன், கிடைக்கவில்லை. அதே பதவிக்கு வந்து தேர்வாகாத நால்வரின் மதிப்பெண் தாள்களும் இல்லை. ஆகவே தேர்வு முறைகேடானது என்று எழுதாமல், தகுதியின்படி நடந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நிர்வாகத்துக்கு விளக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

மனிதவள அலுவலர், ஒசூர்:
எங்களிடம் இந்தத் தொல்லையே இல்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றில் இரண்டு நிறுவனங்களின் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அந்த நபர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்து ஆணையைத் திரும்பப் பெற்றுவிடுகிறோம். வெளி முகமையின் அறிக்கைக்குக் காத்திருப்பதைவிட இது விரைவானது.

மூத்த தணிக்கையாளர், சென்னை:
ஒசூர் நண்பர் பார்க்கும் இடம் சரி, முடிவுதான் அவசரம். பழைய நிறுவனம் விலகல் தேதியைத் தாமதமாகவோ தவறாகவோ பதிவு செய்தாலும் இரு காலங்களும் மோதுவதுபோல் தோன்றும். நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில், இதே காரணத்தால் நிராகரிக்கப்பட்ட பெண்மணி ஒருவரின் பாஸ்புக்கையும் அவர் கோப்பிலேயே வைத்திருந்தார்கள். பழைய நிறுவனத்தின் பங்களிப்பு மார்ச் மாதச் சம்பளத்தோடு நின்றிருந்தது, விலகல் தேதி மட்டும் ஜூலை என்றிருந்தது. புதிய இடத்தில் அவர் ஏப்ரலில் சேர்ந்திருந்தார். பாஸ்புக்கில் பணம் வரவான தேதியை நம்பாமல், அது எந்த மாதச் சம்பளத்துக்கு உரியது என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். நிலுவையைப் பின்னால் கட்டும் நிறுவனங்கள் உண்டு. சொந்த அறக்கட்டளை வழியே வைப்பு நிதி நடத்தும் நிறுவனங்களில் பணியாற்றியவருக்கு இந்த பாஸ்புக் இணையதளத்தில் கிடைக்காது. அவர்களுக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான் வழி.

கோவை நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: பின்னணி அறிக்கைகளின் உள்பக்கங்களைப் படித்தீர்களா? முதல் பக்கத்தில் பச்சை நிறம் இருக்கும். உள்ளே முந்தைய பணி குறித்து "சரிபார்க்க இயலவில்லை" என்று ஒரு வரி கிடக்கும்.

வேலை தேடுபவர், மதுரை:
ஐயா, நான் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, விடுவிப்புக் கடிதமும் தரவில்லை. என்னையும் "சரிபார்க்க இயலவில்லை" என்று எழுதிவிடுவார்களா? இந்தத் தணிக்கைக்கு நான் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

மூத்த தணிக்கையாளர், சென்னை:
தம்பி, இது நிறுவனம் தன் நடைமுறையைத் தானே சோதிப்பது; நீங்கள் விண்ணப்பிக்க ஒன்றுமில்லை. நிறுவனம் மூடப்பட்டதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, நியமன ஆணை, சம்பளம் வரவான வங்கி விவரம், வைப்பு நிதி பாஸ்புக் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். சரிபார்க்க இயலாமை என்பது பொய் என்று நிரூபணமானதாகாது.

உள்தணிக்கையாளர், கோவை:
உள்பக்கங்களைப் படித்தேன், ஐயா. முப்பதில் ஐந்து அறிக்கைகளில் அந்த வரி இருந்தது. ஐந்தையும் மனிதவளத் துறை தேறியதாகவே கணக்கிட்டிருந்தது. அதில் மூவர் அறிக்கை வருவதற்கு முன்பே சேர்ந்து, அதற்குள் பணி உறுதியும் பெற்றுவிட்டார்கள். உற்பத்தி நெருக்கடியில் முன்கூட்டிச் சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு யார் அனுமதித்தார், நிலுவையை யார் எந்த நாளுக்குள் முடிப்பார் என்ற பதிவே இல்லாததைத்தான் குறையாக எழுதினேன்.

மனிதவள அலுவலர், ஒசூர்:
சம்பள மாதப் பத்தியை இனிப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் தேர்வாகாதவர்களின் தாள்களை வைத்திருக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறதே?

மூத்த தணிக்கையாளர், சென்னை:
தேவை எப்போது முடிகிறது என்பதில்தான் எங்கள் குழுவிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. பெயரையும் தொடர்பு விவரங்களையும் நீக்கி, மதிப்பெண்ணையும் காரணத்தையும் மட்டும் அடுத்த தணிக்கை வரை வைத்திருப்பது போதும் என்பது என் கருத்து. எங்கள் சட்டத் துறை இன்னும் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.