பட்டில் விழுந்த மூன்று வட்டங்கள்

திருச்சி கோமளா:
நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் இரவு நடந்தது. சந்தன நிற மென்பட்டு. இஸ்திரிப் பெட்டிக்குப் பயந்து, புதிதாக வாங்கிய கைப்பிடி ஸ்டீமரை எடுத்தேன். புடவையைக் கட்டிலில் விரித்து மேலிருந்து ஆவி பிடித்தேன். இரண்டாவது மடிப்பிலேயே மூக்கு களுக்கென்று துப்பியது. ஒரு ரூபாய் நாணயம் அளவில் மூன்று சொட்டு. காய்ந்த பிறகு நடுப்பகுதி பழைய நிறத்தில் இருக்க, ஓரம் மட்டும் பழுப்புக் கோடாக நின்றது. ஈரத்துணியால் துடைத்தேன். மூன்று வட்டங்களும் சேர்ந்து ஒரு பெரிய தீவாகிவிட்டன. ஆவியால் கறை படியாது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

பரணி:
தண்ணீர்தான் காரணம் அக்கா. எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியபோது கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளை வளையம். ஆர்ஓ தண்ணீருக்கு மாறினேன், பிரச்சினை தீர்ந்தது.

சலவைக்கடை:
தம்பி சொல்வது பாதி சரி. உப்புத் தண்ணீர் விட்ட வளையம் வெளுப்பாக இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் மாவுபோல் வரும். கோமளா அம்மா சொல்வது பழுப்புக் கோடு, அது வேறு. பட்டில் மெருகுக்காகக் கஞ்சியோ பசையோ ஏற்றியிருப்பார்கள். சொட்டு விழுந்த இடத்தில் அது கரைகிறது. ஈரம் ஓரத்தை நோக்கி நகர்ந்து காயும்போது, கரைந்ததையும் தூக்கிக்கொண்டு போய் எல்லையில் இறக்கிவிடுகிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கோடு விழும். ஈரத்துணியால் துடைத்தது எல்லையை வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

கறைக்கு ஆவி காரணமில்லை, சொட்டுதான் காரணம். கைப்பிடி ஸ்டீமரைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கொதிக்காத தண்ணீர் மூக்குக்கு வந்துவிடும். புடவையைத் தொங்கவிட்டு, ஸ்டீமரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். முதல் அரை நிமிட ஆவியைப் பழைய துண்டின் மீது விட்டுப் பாருங்கள். துண்டில் புள்ளி விழாமல் சீராக வந்த பிறகே பட்டின் பக்கம் போகலாம், அதுவும் உள்பக்கத்திலிருந்து, ஒரு சாண் தள்ளி.

நீலத்தாவணி:
என் பட்டு ரவிக்கையில் அக்குள் பகுதியில் இதேபோல் வளையம் இருக்கிறது. நான் ஸ்டீமரே வைத்துக்கொள்ளவில்லையே?

சலவைக்கடை:
அது வியர்வை, அம்மா. வைத்தியம் வேறு. அதன்மீது சூடான பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், கறை இறுகிவிடும்.

மாடிவீட்டு ராணி:
இதற்குத்தான் நான் இஸ்திரியை விடுவதில்லை. ஆனால் அதிலும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பட்டு என்பதால் ஒரு புள்ளிச் சூட்டில் வைத்து, ஆவிப் பொத்தானை அழுத்தினேன். குழாய் திறந்ததுபோல் ஒழுகியது.

சலவைக்கடை:
ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரிதான். வரும் தண்ணீரையெல்லாம் ஆவியாக்க அடித்தகட்டுக்கு அந்தச் சூடு போதாது. அந்தச் சூட்டில் ஆவியை மூடிவிடுங்கள். உள்பக்கமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, வெறும் பெட்டியால் தேயுங்கள். பட்டுக்கு நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். ஜரிகைக் கரை இருந்தால் அங்கே அழுத்த மாட்டேன்.

பரணி:
ரேயானுக்கும் இதேதானா? மனைவியின் குர்த்தியில் சொட்டு விழுந்த இடம் வட்டமாகச் சுருங்கி நிற்கிறது.

சலவைக்கடை:
ரேயான் நூல் நனைந்தால் உப்பும், பலமும் வெகுவாகக் குறையும். ஈரமான இடத்தை இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், துணி கோணிக்கொள்ளும். துவைக்கலாம் என்று சீட்டில் போட்டிருந்தால் குர்த்தி முழுவதையும் நனைத்து நிழலில் போடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போது உள்பக்கமாக மிதமான சூட்டில் தேயுங்கள். வெளிப்பக்கம் தேய்த்தால் தையல் மடிப்புகள் பளபளக்கும். ரேயானுக்கு நான் ஸ்டீமரைவிட இஸ்திரியைத்தான் நம்புவேன்.

திருச்சி கோமளா:
ஐயா, என் தீவுக்கு வழி? டிரை கிளீனிங் கொடுத்தேன், அப்படியே திரும்பி வந்தது.

சலவைக்கடை:
அங்கே பயன்படுத்தும் கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். தண்ணீரில் கரைகிற கஞ்சிக் கோட்டை அது தொடாது. தண்ணீர்க் கறை என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்வதானால், முதலில் இடுப்பில் செருகும் முனையில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பாருங்கள். சாயம் நகர்ந்திருந்தால் கைவைக்காதீர்கள். கஞ்சிக் கோடு மட்டும் என்றால், கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே எட்டிப் பிடித்து, கறையையும் சுற்றி இரண்டு சாண் துணியையும் ஒரே சீராகப் பதமாக்குங்கள். காய்ந்ததும் அதே புடவையின் இன்னொரு மடிப்பால் கோட்டை மெல்ல உரசுங்கள்.

திருச்சி கோமளா:
நேற்று செய்தேன். மேல் விளிம்பு கலைந்துவிட்டது. கீழே, முதலில் துடைத்த இடத்தில், கோடு இன்னும் தெரிகிறது. வெயிலில் பார்த்தால் பட்டின் மினுக்கமும் அங்கே செத்திருக்கிறது. அது கஞ்சியா, நான் அழுத்தித் துடைத்ததில் நூலே சிலிர்த்துவிட்டதா?

சலவைக்கடை:
விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா?

திருச்சி கோமளா:
சொரசொரப்பு.

மாடிவீட்டு ராணி:
கொசுவத்துக்குள் போகிற இடம்தானே அக்கா? கட்டிக்கொள்ளுங்கள்.