புதுப்பிப்பு: முசிறி வழி பற்றிய வரைபட வினா

முன்பு நான் கேட்டது: “ஏழாம் வகுப்புக்கு, கேரளக் கரையில் இருந்த பழந்துறைமுகமான முசிறியின் வணிக வழி குறித்து வரைபட வினா அமைத்தேன், எல்லாரும் கரூரிலிருந்து முசிறிக்கு நேர்கோடு இழுத்துவிட்டார்கள். எங்கே தவறு?”

தவறு என் வரைபடத்தில்தான் இருந்தது. அதில் மலையே இல்லை என்று ஒரு நண்பர் சுட்டிக்காட்டியதும், மேற்குத் தொடர்ச்சி மலையை நிழலிட்டு, கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள் கிடைத்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, வழியை வரையாமல், “பொதிமாடுகள் எங்கே மலையைக் கடந்திருக்கும்? காரணம் கூறுக” என்று மாற்றினேன். பலர் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயைத் தாமே கண்டுகொண்டனர். நீலகிரியின் மேல் கோடு போட்டவர்களை உயரத்தைப் பார்க்கச் சொன்னதும் அழித்துவிட்டார்கள்.

ரோமானிய வணிகக் கப்பல்கள் கரையோரமாகவே வந்தன என்று ஒருவர் எழுதியிருந்தது பாதிதான் சரி. தென்மேற்குப் பருவக்காற்றைப் பயன்படுத்தத் தொடங்கியபின் அவை நடுக்கடலைக் கடந்தன. செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியதைத் தந்து, திரும்பும் மாதத்தைக் காற்றுக் குறிகளைக் கொண்டு ஊகிக்கச் செய்தேன். ஜூலை என்றே பலர் தவறாக எழுதினர். குளிர்காலக் காற்றின் அம்புக்குறிகளை நான் போடாததே காரணம்.

பட்டுப்பாதைக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: நான் முயன்றதில்லை. முசிறி இருந்த இடம் கேரளத்தில் அகழாய்வு நடந்த பட்டணம் என்னும் ஊர்தானா என்ற விவாதம் முடியாததால், அதைப் புள்ளியாக அல்லாமல் கொடுங்கல்லூர்ப் பகுதியைச் சுற்றிய வட்டமாகவே வைத்திருக்கிறேன்.